மக்கரோனுக்கு ஏன் கால் முளைக்கவில்லை?

பாரிஸ் பேக்கரிகளின் கண்ணாடி அலமாரியில் வண்ண வண்ணமாக அடுக்கியிருக்கும் மக்கரோனைப் பக்கவாட்டில் பார்த்தால்தான் அதன் அமைப்பு புரியும். இரண்டு சிறிய வட்ட ஓடுகள்; நடுவில் க்ரீமோ சாக்லேட்டோ பழக்கூழோ. ஒவ்வோர் ஓட்டின் மேற்பகுதியும் வழவழப்பாக, மெல்லிய பளபளப்போடு இருக்கும். அடிப்பகுதியைச் சுற்றி மட்டும் சிறுசிறு துளைகள் நிறைந்த, சொரசொரப்பான ஒரு விளிம்பு ஓடும். பேக்கிங் செய்பவர்கள் அதை ‘ஃபீட்’ என்கிறார்கள். நாம் பாதம் என்றே வைத்துக்கொள்வோம். பாதம் நேராக எழும்பி, மேலே விரிசல் இல்லாமல் இருந்தால் அந்த ஓடு சரியாக வந்திருக்கிறது.

வீட்டில் செய்து பார்ப்பவர்களுக்குப் பெரும்பாலும் இரண்டு ஏமாற்றங்களில் ஒன்று காத்திருக்கிறது. பாதமே இல்லாமல் வில்லை வில்லையாகத் தட்டையாகக் கிடக்கும். இல்லாவிட்டால் மேல்பகுதி பிளந்து எரிமலை வாயைத் திறந்திருக்கும். சில நாள் ஒரே தட்டிலேயே இரண்டும் இருக்கும். உடனே பழி ஓவன் மேல் விழுகிறது. அடுத்த முறை சூட்டைக் கூட்டுகிறார்கள், அதற்கடுத்த முறை குறைக்கிறார்கள், தட்டை மேலே ஏற்றுகிறார்கள், கீழே இறக்குகிறார்கள். ஓவனுக்கும் இதில் பங்கு உண்டு, மறுக்கவில்லை. ஆனால் பெரும்பாலான தட்டுகளின் கதை ஓவன் கதவு திறப்பதற்கு முன்பே, வெள்ளைக்கரு அடித்த கிண்ணத்திலும் அதைக் கலந்த கையிலும் முடிந்துவிடுகிறது.

எல்லா மக்கரோனும் பாதத்தோடு பிறக்க வேண்டும் என்றில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். பிரான்ஸின் கிழக்கே உள்ள நான்சி நகரத்து மக்கரோன் தட்டையானது. பிரெஞ்சுப் புரட்சிக் காலத்தில் மடத்தை இழந்த இரண்டு கன்னியாஸ்திரிகள் பிழைப்புக்காகச் செய்து விற்றதாகச் சொல்லப்படும் பண்டம் அது. அதன் மேற்பரப்பில் விரிசல்கள் ஓடுவதுதான் அதற்கு அழகு. அங்கே யாரும் அதைக் குறை என்று சொல்வதில்லை. நம் தூத்துக்குடி மக்ரூனை எடுத்துக்கொள்ளுங்கள். பாதாமுக்குப் பதில் முந்திரி. மற்றபடி அதே சர்க்கரை, அதே அடித்த வெள்ளைக்கரு. கூம்பாகப் பிழிந்து, மிதமான சூட்டில் நெடுநேரம் வைத்து, வேகவைப்பதைவிட உலர்த்துகிறார்கள் என்றே சொல்லலாம். அதற்குப் பாதம் கிடையாது. அந்த மெதுவான சூட்டில் உள்ளே இருக்கும் ஈரம் அவசரமில்லாமல் எல்லாப் பக்கமும் கசிந்து வெளியேறிவிடுகிறது. எதையும் தூக்கிக்கொண்டு எழும்ப வேண்டிய தேவை அதற்கு இல்லை.

பாரிஸ் மக்கரோனில் அந்த அவசரம் இருக்கிறது. பிழிந்து வைத்த மாவை அரை மணி நேரம், முக்கால் மணி நேரம் வெளியே உலரவிடுகிறார்கள். மேற்பரப்பில் ஒரு மெல்லிய தோல் உருவாகிறது. பிறகு 150 டிகிரி செல்சியஸ் அளவில் சூடாகியிருக்கும் ஓவனுக்குள் தட்டு போகிறது. கீழே உள்ள உலோகத் தட்டு சூடேற, மாவின் அடியில் உள்ள காற்றுக் குமிழ்கள் விரிகின்றன; வெள்ளைக்கருவில் உள்ள தண்ணீர் ஆவியாகிறது. இரண்டும் மேல்நோக்கித் தள்ளுகின்றன. மேலே உலர்ந்த தோல் மூடியாக நிற்கிறது. ஆவிக்கு மேல் வழி அடைபட்டதால், அது மூடியை அப்படியே ஒரு துண்டாகத் தூக்கிவிட்டு, தோல் பிடிக்காத அடிவிளிம்பு வழியாக வெளியே வருகிறது. வரும்போது நுரைத்த மாவையும் கொஞ்சம் இழுத்துக்கொண்டு வருகிறது. அந்த நுரை அங்கேயே வெந்து இறுகினால் அதுதான் பாதம். தட்டு உள்ளே போன நாலைந்து நிமிடங்களில் கண்ணாடிக் கதவு வழியாக இதைக் கண்ணால் பார்க்கலாம்.

இதைப் புரிந்துகொண்டால், விரிசலும் பாதமின்மையும் வேறு வேறு நோய்கள் அல்ல என்பது தெரிந்துவிடும். ஆவி மேல்வழியாகப் போனால் விரிசல். அடிவிளிம்பு வழியாகப் போனால் பாதம். தூக்குவதற்கு வேண்டிய காற்றே மாவில் இல்லாவிட்டால், அல்லது மாவு பரவி மெலிந்துவிட்டால், ஆவி எதையும் தூக்காமல் சும்மா கசிந்து போய்விடும்; தட்டையான வில்லைதான் மிஞ்சும். ஆக, மாவுக்குள் எவ்வளவு காற்று இருக்கிறது, அது எவ்வளவு சிறு குமிழ்களாகப் பரவியிருக்கிறது, மேல்தோல் எவ்வளவு உறுதி என்ற மூன்று கேள்விகள்தான். முதல் இரண்டுக்கும் பதில் சொல்வது வெள்ளைக்கருவும் கலக்கும் கையும். மூன்றாவதிலும் பாதி அவற்றின் பொறுப்புதான்.

பேச்சுக்கு ஓர் அளவை வைத்துக்கொள்வோம். வெள்ளைக்கரு 100 கிராம், பொடியாத வெள்ளைச் சர்க்கரையில் மெல்லிய ரகம் 90 கிராம், தோல் நீக்கிய பாதாம் மாவு 130 கிராம், ஐசிங் சுகர் 130 கிராம். பிரெஞ்சு முறை என்று சொல்லப்படும் எளிய வழியில் பலரும் இதையொட்டிய அளவைத்தான் பயன்படுத்துகிறார்கள். நம் கடைகளில் கிடைக்கும் முட்டையில் மூன்று உடைத்தால் ஏறக்குறைய 100 கிராம் வெள்ளைக்கரு வரும். ஏறக்குறைய என்பதுதான் இங்கே ஆபத்து. பத்து கிராம் கூடினாலும் மாவு தளர்ந்துவிடும். தராசு இல்லாமல் இந்தப் பண்டத்தில் இறங்க வேண்டாம். இன்னொரு சின்ன எச்சரிக்கை: பாலில் கலக்குவதற்கென்று விற்கும் பாதாம் பவுடர் இதற்கு ஆகாது. அதில் பாதாமைவிடச் சர்க்கரையும் நிறமும்தான் அதிகம்.

வெள்ளைக்கருவில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர். மீதியில் பெரும்பகுதி புரதம். சுருண்டு கிடக்கும் அந்தப் புரத இழைகளைப் பீட்டர் அடித்து விரிக்கிறது. விரிந்த இழைகள் காற்றுக் குமிழைச் சுற்றி ஒன்றோடொன்று கைகோத்து ஒரு மெல்லிய சுவர் கட்டுகின்றன. கொழுப்பு இருந்தால் இந்தச் சுவர் எழும்பாது. குமிழின் விளிம்பில் புரதம் உட்கார வேண்டிய இடத்தில் கொழுப்பு போய் உட்கார்ந்துவிடும். மஞ்சள் கருவில் ஒரு சொட்டு விழுந்தாலும் நுரை சோம்பிப்போவது இதனால்தான். பிளாஸ்டிக் கிண்ணத்தை எவ்வளவு கழுவினாலும் எண்ணெய்ப் பசை முழுதாகப் போகாது. எவர்சில்வர் அல்லது கண்ணாடிக் கிண்ணம் எடுத்து, எலுமிச்சைத் துண்டால் ஒரு தடவை துடைத்துவிட்டு ஆரம்பிப்பது நல்லது. முட்டை குளிர்ச்சியாக இருக்கும்போது மஞ்சளும் வெள்ளையும் சுலபமாகப் பிரியும். ஆனால் அடிப்பதற்கு அறைச் சூட்டுக்கு வந்திருக்க வேண்டும். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்ததும் பிரித்துவிட்டு, அரை மணி கழித்து அடித்தால் இரண்டும் சரியாகும்.

வெள்ளைக்கருவைப் பிரித்து இரண்டு மூன்று நாள், சிலர் ஒரு வாரம்கூட, ஃப்ரிட்ஜில் வைத்துப் பழசாக்க வேண்டும் என்று ஒரு விதி உலவுகிறது. பாரிஸின் புகழ்பெற்ற பியேர் எர்மே போன்றவர்களும் அப்படித் தளர்ந்த வெள்ளைக்கருவையே கேட்கிறார்கள். இதில் அறிவியல் இல்லாமல் இல்லை. நாளாக ஆக வெள்ளைக்கருவிலிருந்து கரியமில வாயு வெளியேறி அதன் காரத்தன்மை கூடுகிறது. ஜெல்லியாக நின்ற கெட்டிப் பகுதி நீர்த்துப்போகிறது. திறந்த கிண்ணத்தில் வைத்தால் கொஞ்சம் தண்ணீரும் வற்றுகிறது. நீர்த்த வெள்ளைக்கரு சீக்கிரம் நுரைக்கும். புதிய முட்டையின் வெள்ளைக்கரு மெதுவாக நுரைக்கும். நுரைத்தபின் அதன் நுரை சற்றே உறுதியாகவும் நிற்கும். என் கணக்கில், பழசாக்குவது ஒரு வசதி, கட்டாயம் இல்லை. அன்றைக்கு உடைத்த முட்டையில் அருமையான பாதம் வருவதைப் பார்க்கலாம். நான்கு நாள் பழசாக்கிய வெள்ளைக்கருவை அரைகுறையாக அடித்துவிட்டு வில்லை சுடுபவர்களையும் பார்க்கலாம். பழசாக்குவதாக இருந்தால் வற்றியபின் எடையைத் திரும்பப் பார்த்துவிட்டு ஆரம்பியுங்கள். முக்கியமானது அவ்வளவுதான்.

அடிக்கும் வேகம் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. எடுத்த எடுப்பில் உச்ச வேகத்தில் விட்டால் இரண்டே நிமிடத்தில் கிண்ணம் நிறைய நுரை நிற்கும். பார்க்க மகிழ்ச்சியாக இருக்கும். ஆனால் அந்தக் குமிழ்கள் பெரிசும் சிறிசுமாக இருக்கும். பெரிய குமிழ் சூட்டில் அதிகம் விரியும். மேல்தோலுக்கு அடியில் போய்ச் சேர்ந்து ஒன்று வெடிக்கும், அல்லது ஓட்டுக்குள் பொந்து விழும். முதலில் குறைந்த வேகத்தில் வெள்ளைக்கரு முழுவதும் கரடுமுரடாக நுரைக்க விட்டு, பிறகு நடுத்தர வேகத்திலேயே நிதானமாகப் போனால் குமிழ்கள் சிறிதாகவும் ஒரே அளவாகவும் அமையும். கையில் பிடிக்கும் பீட்டரில் எட்டுப் பத்து நிமிடம் ஆகலாம். ஆகட்டும்.

சர்க்கரையைச் சேர்க்கும் தருணமும் அங்கேதான் வருகிறது. சர்க்கரை தண்ணீரைப் பிடித்துக்கொண்டு குமிழ்களின் சுவரைப் பிசுக்கென்று கனமாக்குகிறது. நுரை வடிந்துபோகாமல் காப்பது அதுதான். அதே சர்க்கரை, புரத இழைகள் விரிவதைத் தாமதப்படுத்தவும் செய்யும். தொடக்கத்திலேயே மொத்தத்தையும் கொட்டினால் நுரை எழும்பவே நெடுநேரம் ஆகும். மிகவும் தாமதமாகச் சேர்த்தால் அதற்குள் நுரை வறண்டு, சர்க்கரை கரையத் தண்ணீர் கிடைக்காது. முழுவதும் நுரைத்து, அடியில் திரவம் தெரியாத நிலையில் மூன்றில் ஒரு பங்கு, அது கரைந்ததும் அடுத்தது, பிறகு கடைசி. இரண்டு விரல் நடுவே நுரையைத் தேய்த்துப் பாருங்கள். நெறுநெறுத்தால் இன்னும் கரையவில்லை. கரையாத சர்க்கரை ஓவனில் பாகாக உருகி ஓட்டில் ஒட்டும் பொட்டுகளை உண்டாக்கும். அந்த இடத்தில் தோலும் பலவீனப்படும்.

எப்போது நிறுத்துவது? பீட்டரைத் தூக்கினால் நுனி நிமிர்ந்து நிற்க வேண்டும். கடைசி மில்லிமீட்டர் மட்டும் லேசாக வளைந்தால் போதும். கலவை பளபளப்பாக இருக்கும், பீட்டர் கம்பிகளுக்குள் ஓர் உருண்டையாகத் திரளும். நுனி தொங்கி விழுந்தால் இன்னும் அடிக்க வேண்டும். அந்த நிலையிலேயே நிறுத்தினால் மாவு கலக்க ஆரம்பித்த சற்று நேரத்திலேயே ஓடத் தொடங்கிவிடும். மறுபக்கம், பளபளப்புப் போய், நுரை திட்டுத்திட்டாகப் பிரிந்து, கிண்ணத்தின் ஓரத்தில் தண்ணீர் கசிந்தால் எல்லை தாண்டிவிட்டது என்று அர்த்தம். புரத இழைகள் ஒன்றையொன்று அளவுக்கு மீறி இறுக்கிக்கொண்டு, பிடித்து வைத்திருந்த தண்ணீரைப் பிழிந்து வெளியே விட்டுவிடுகின்றன. அதைத் திரும்ப ஒட்டவைப்பது கடினம். சில சொட்டு எலுமிச்சைச் சாறோ ஒரு சிட்டிகை க்ரீம் ஆஃப் டார்ட்டரோ ஆரம்பத்தில் சேர்த்தால், அந்த அமிலம் இந்த அதிகப்படியான இறுக்கத்தைத் தள்ளிப்போடும். புதிதாகச் செய்பவர்களுக்கு நல்ல காப்பு அது.

இனி கலப்பது. பிரெஞ்சில் மக்கரோனாஜ் என்று இந்த ஒரு வேலைக்கே தனிப் பெயர் வைத்திருக்கிறார்கள். கேக் செய்து பழகியவர்கள்தான் இங்கே அதிகம் தடுமாறுகிறார்கள். கேக்கில், அடித்த வெள்ளைக்கருவின் ஒரு குமிழ்கூட உடையக் கூடாது என்று பூவைத் தொடுவதாகக் கலக்கச் சொல்லித் தந்திருப்பார்கள். மக்கரோனில் நாம் குமிழ்களை வேண்டுமென்றே உடைக்கிறோம். எல்லாவற்றையும் அல்ல, பெரியவற்றையும், தேவைக்கு மேல் இருப்பவற்றையும். அவ்வளவு பாடுபட்டு அடித்த நுரையில் ஒரு பகுதியை நாமே அழிப்பது மனசுக்கு ஒப்பாது. அந்தத் தயக்கம்தான் பாதி விரிசல்களுக்குக் காரணம்.

வேலை இரண்டு கட்டமாக நடக்கிறது. சலித்த பாதாம் மாவையும் ஐசிங் சுகரையும் நுரையின் மேல் இரண்டு தவணையாகப் போட்டு, ஸ்பாட்டுலாவை ஓரத்தில் இறக்கி, அடியிலிருந்து மேலே புரட்டிப் போடுவது முதல் கட்டம். உலர்ந்த மாவு கண்ணில் படாமல் போனதும் அது முடிகிறது. இப்போது கலவை கரகரப்பாக, கனமாக, மங்கலாக இருக்கும். பலரும் இங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். உண்மையில் இரண்டாம் கட்டம் இனிமேல்தான். ஸ்பாட்டுலாவின் தட்டைப் பக்கத்தால் கலவையைக் கிண்ணத்தின் சுவரில் அழுத்தித் தேய்ப்பது, திரட்டுவது, மறுபடி அழுத்துவது. ஒவ்வோர் அழுத்தத்திலும் கொஞ்சம் காற்று வெளியேறுகிறது; பாதாம் துகள்களுக்கு இடையே ஈரம் பரவுகிறது; கலவைக்கு மெல்ல மெல்ல மினுமினுப்பு ஏறுகிறது.

எத்தனை தடவை புரட்ட வேண்டும் என்று எண்ணிச் சொல்பவர்களை நான் நம்புவதில்லை. நுரையின் உறுதி, பாதாமின் ஈரம், கையின் அழுத்தம் மூன்றும் ஒவ்வொரு நாளும் மாறும்போது எண்ணிக்கை மட்டும் எப்படி மாறாமல் இருக்கும்? கலவையையே கேட்க வேண்டும். ஸ்பாட்டுலாவை ஒரு சாண் உயரம் தூக்குங்கள். அகப்பையிலிருந்து இட்லி மாவு விழுவதைப் போலப் பொத்துப் பொத்தென்று துண்டாக விழுந்தால் இன்னும் அழுத்த வேண்டும். அறுபடாத நாடாவாக இறங்கி, கீழே மடிப்பு மடிப்பாக விழுந்து, அந்த மடிப்பின் கோடுகள் இருபது முப்பது விநாடிக்குள் கலவையில் கரைந்து மறைந்தால் நிறுத்தும் நேரம். விழுந்த மாத்திரத்தில் தடமே இல்லாமல் மறைந்தால் நேரம் கடந்துவிட்டது. நிலை நெருங்கியதும் ஒவ்வோர் இரண்டு மூன்று புரட்டலுக்கும் ஒரு முறை தூக்கிப் பார்க்க வேண்டும். குறைவாகக் கலந்ததை மேலும் கலக்கலாம். கூடுதலாகக் கலந்ததைப் பின்னோக்கிக் கொண்டுவர வழி இல்லை.

இதைச் சொல்லிப் புரியவைப்பதைவிட ஒரே ஒரு தட்டைச் செலவழித்துப் பார்த்துவிடுவது மேல். மேலே சொன்ன அளவில் ஒரு கலவை செய்யுங்கள். உலர்ந்த மாவு மறைந்ததுமே கொஞ்சம் எடுத்து, பட்டர் பேப்பரில் 3.5 சென்டிமீட்டர் வட்டமாக நாலு பிழியுங்கள். மேலும் அழுத்திக் கலந்து, கலவை துண்டாக விழுந்தாலும் மெல்லப் பரவத் தொடங்கும் நிலையில் இன்னொரு நாலு. நாடாவாக இறங்கும் நிலையில் மூன்றாவது நாலு. வேண்டுமென்றே மேலும் கலந்து, தண்ணியாக ஓடும் நிலையில் கடைசி நாலு. தட்டை அடியில் உள்ளங்கையால் நன்றாகத் தட்டி, கடைசி வரிசை பிழிந்த நேரத்திலிருந்து கணக்கிட்டு உலரவிட்டு, எல்லாவற்றையும் ஒரே தட்டில் ஒரே நேரத்தில் சுடுங்கள். முட்டை ஒன்று, ஓவன் ஒன்று, சூடு ஒன்று. மாறியது கலந்த அளவு மட்டும்தான்.

முதல் வரிசையில் பிழிந்தபோது எழுந்த நுனி அமுங்காமல் கூராகவே நிற்கும். மேற்பரப்பு மேடும் பள்ளமுமாக இருப்பதால் அதில் ஒரே சீரான தோல் உருவாகாது. உள்ளே காற்றோ ஏராளம். ஆவி எழும்பும்போது தோலில் எங்கே பலவீனமோ அங்கே கிழித்துக்கொண்டு மேலே வரும். இந்த வரிசையில்தான் விரிசல்களைத் தேட வேண்டும். பாதம் வந்தாலும் ஒரு பக்கம் எழும்பி ஒரு பக்கம் இல்லாமல் இருக்கும். இரண்டாம் வரிசை கொஞ்சம் பரவாயில்லை என்று தோன்றும், மேலே மட்டும் சொரசொரப்பு. மூன்றாவதில் நுனி தானாக அமுங்கி, மேல்பகுதி வழவழப்பாகி, பாதம் நேராக எழுந்திருக்கும். கடைசி வரிசை பிழிந்த அளவில் நிற்காமல் பரவி, ஒன்றோடொன்று ஒட்டியும் இருக்கலாம். குமிழ்கள் பெரும்பாலும் உடைந்துவிட்டன. அதிக நேரம் அழுத்தியதில் பாதாம் எண்ணெயும் வெளியே வந்து மிச்ச நுரையைக் கெடுத்திருக்கும். தூக்க ஆளில்லாததால் பாதம் வராது, வந்தாலும் மெலிந்து வெளிப்பக்கமாகச் சரிந்து கிடக்கும். பைப்பிங் பேக்கில் போட்டு அழுத்துவதும் ஒரு கலப்புதான் என்பதை நினைவில் வையுங்கள். பெரிய பேக்கில் கடைசியாகப் பிழிபவை முதலில் பிழிந்தவற்றைவிடத் தளர்ந்திருப்பது அதனால்தான்.

இந்தத் தட்டு கையில் இருந்தால், பிறகு கெட்டுப்போகும் தட்டுகளைப் படிக்கலாம். விரிசல் விட்ட ஓட்டின் மேற்பரப்பை முதலில் பாருங்கள். சொரசொரப்பாக, நுனி அமுங்காமல் இருந்தால் கலப்பு போதவில்லை. வழவழப்பாக இருந்தும் வெடித்திருந்தால் மாவின் மேல் குற்றமில்லை; தோல் உலராமல் உள்ளே போயிருக்கிறது, அல்லது சூடு அதிகம். பாதமில்லாத ஓட்டை ஸ்கேலால் அளந்து பாருங்கள். 3.5 சென்டிமீட்டரில் பிழிந்தது 5 ஆகப் பரவியிருந்தால், கூடுதலாகக் கலந்திருக்கிறீர்கள் அல்லது நுரை தொடக்கத்திலேயே பலவீனம். இந்த இரண்டையும் பிரித்தறிவதும் சுலபம்: மாவு சேர்த்துச் சில புரட்டலிலேயே ஓடத் தொடங்கியதென்றால் தப்பு நுரையில், வெகுநேரம் அழுத்தியபின் ஓடியதென்றால் கையில். பிழிந்த அளவிலேயே நின்று, மேற்பரப்பும் நன்றாக இருந்து, பாதம் மட்டும் இல்லையென்றால் ஓவன் போதிய அளவு சூடாகவில்லை, அல்லது மணிக்கணக்கில் உலரவிட்டு அடிவிளிம்பு வரை தோலாக்கிவிட்டீர்கள். அப்போதுதான் ஓவன் குமிழைத் தொடுவதில் அர்த்தம் இருக்கிறது.

உலர்த்தும் விஷயத்தில் மட்டும் பாரிஸ் சமையல் குறிப்பை அப்படியே நம்ப முடியாது. அரை மணி நேரம் என்று அங்கே எழுதியிருப்பது சென்னையிலோ நாகப்பட்டினத்திலோ கடற்காற்று வீசும் மாலையில் ஒன்றரை மணி ஆனாலும் நடக்காது. காற்றிலேயே அவ்வளவு ஈரம் இருக்கும்போது மாவின் ஈரம் எங்கே போகும்? ஏ.சி. அறையில் தட்டை வைப்பது நல்ல வழி, ஏ.சி. காற்றிலுள்ள ஈரத்தையும் எடுத்துவிடுகிறது. அது இல்லாவிட்டால் மின்விசிறிக்கு நேர்கீழே. அதற்கும் மசியாத மழைநாளில், ஓவனை 50 டிகிரி அளவில் வைத்து, கதவைச் சற்றே திறந்தபடி சில நிமிடம் தட்டை உள்ளே வைத்து எடுக்கலாம். எத்தனை நிமிடம் என்பது முக்கியமில்லை. விரலால் மேற்பரப்பை மெல்லத் தொட்டு இழுத்தால் மாவு ஒட்டக் கூடாது, தோல் லேசாக அசைய வேண்டும். அதற்கு மேல் காத்திருப்பதும் நல்லதல்ல. உள்ளே நுரை மெல்ல வடிந்துகொண்டிருக்கும். நிறம் சேர்ப்பதாக இருந்தால் தண்ணீர் நிறம் வேண்டாம், ஜெல் அல்லது பொடி. ஈரத்தைக் குறைக்கப் போராடும் இடத்தில் சொட்டுச் சொட்டாக ஈரத்தைச் சேர்ப்பதில் பொருளில்லை.

இத்தனைக்கும் பிறகும் நுரை பிடிபடவில்லை என்பவர்களுக்கு இன்னொரு பாதை உண்டு. சர்க்கரையை உலர்ந்த நிலையில் சேர்க்காமல், தண்ணீரோடு 118 டிகிரி வரை கொதித்த பாகாக, அடிபட்டுக்கொண்டிருக்கும் வெள்ளைக்கருவில் நூலாக ஊற்றுவது. இத்தாலிய முறை என்பார்கள். சூடான பாகு புரதத்தை அங்கேயே பாதி வேகவைத்துவிடுவதால் நுரை கல்லாக நிற்கும். கலக்கும்போது சற்றுக் கூடுதலாகக் கை போனாலும் பொறுத்துக்கொள்ளும். பாரிஸின் பெரிய கடைகள் பலவும் இதை விரும்புவது, நூற்றுக்கணக்கில் செய்யும்போது தட்டுக்குத் தட்டு வேறுபாடு வராது என்பதால். ஆனால் வெப்பமானி வேண்டும், ஒரு கை பாகிலும் ஒரு கை பீட்டரிலும் இருக்க வேண்டும். வீட்டில் மூன்று முட்டைக்கு இது கொஞ்சம் அதிகப்படி என்பது என் அபிப்பிராயம்.

ஓவனைப் பற்றி இரண்டு வார்த்தை. வீட்டு ஓடிஜியில் குமிழ் காட்டும் எண்ணும் உள்ளே இருக்கும் சூடும் ஒன்றாக இருப்பது அபூர்வம். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் ஓவன் தெர்மாமீட்டரை உள்ளே தொங்கவிட்டுப் பார்த்துவிடுங்கள். தட்டு நடுவிலோ நடுவுக்குச் சற்றுக் கீழோ இருக்கட்டும். மேல் கம்பிக்கு அருகில் போனால் மூடி கருகி வெடிக்கும். 150 டிகிரியில் பதினைந்து நிமிடம் சுமாராக ஆகும். எடுக்கலாமா என்று பார்க்க, மூடியை விரலால் மெல்லத் தள்ளுங்கள். பாதத்தின் மேல் அது வழுக்கி ஆடினால் இன்னும் ஓரிரு நிமிடம் வேண்டும். பாதம் எழுந்த பிறகு அவசரமாக வெளியே எடுத்தால், வேகாத நுரை அமுங்கி, எழுந்த பாதம் மறுபடி உட்கார்ந்துவிடும்.

முழுவதும் ஆறியபின் பேப்பரிலிருந்து உரியுங்கள். க்ரீம் வைத்து மூடியதும் உடனே சாப்பிடக் கொடுக்காதீர்கள். மூடிய டப்பாவில் ஃப்ரிட்ஜில் ஒரு நாள் இருக்கட்டும். க்ரீமின் ஈரம் ஓட்டுக்குள் இறங்கி, வெளியே மெல்லிய நொறுங்கலும் உள்ளே மென்மையுமான பதம் அப்போதுதான் வரும். பரிமாறுவதற்கு இருபது நிமிடம் முன்னால் வெளியே எடுத்து வைத்தால் போதும். விரிசல் விட்டவற்றையும் சேர்த்தே க்ரீம் வையுங்கள். அவற்றுக்கும் அதே ருசிதான்.